எரியாத இடம்

விடுதியில் அவளைக் கைக்குட்டையம்மா என்றார்கள். முகத்துக்கு நேராக அல்ல. ஓர் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் அவள் வருவாள். இடுப்பிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவிக் கதவின் மேல்விளிம்பில் ஒரு இழுப்பு இழுப்பாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அழுக்காக இருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். அதைக் கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டுப் போவாள். அறையைத் துடைத்தவள் அந்தக் கைக்குட்டையைத் துவைத்து, தேய்த்து, கொண்டுவந்து தரவேண்டும்.

மூன்று மாடி, நாற்பத்திரண்டு அறைகள். பத்தொன்பது வயதில் படுக்கை விரிக்க வந்தவள், ஐம்பத்தொன்றில் ஆறு பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள். முதலாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். எந்தெந்த அறைகளைத் திறந்து பார்ப்பார் என்பது அவளுக்குத் தெரியும். மாடிப்படியை ஒட்டிய அறைகள், மூலை அறைகள். கம்பளத்தில் கறை இருந்தால் அதன்மேல் நாற்காலி நிற்கும். கிழிந்த விரிப்பு தலைகீழாகத் திரும்பி, கிழிசல் மெத்தைக்கு அடியில் போய்விடும். இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை. பார்க்க வருகிறவருக்கு நல்லதைக் காட்டுவது மரியாதை. அவர் போன பிறகு நாற்காலி பழைய இடத்துக்கு வரும்.

வாயில் முதலில் மாறியது தேநீர். சூடு அதே சூடுதான், ஆனால் கன்னத்தின் உட்புறம் சுட்டது. பிறகு தக்காளி எரித்தது. பிறகு மிளகாய் கிட்டத்தில் வரமுடியாத பொருளாயிற்று. பல் தேய்த்தால் ஈறு சிவந்து தோல் உரிந்தது. வாய்ப்புண் என்று மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கித் தின்றாள். இரண்டு மாதம் கழித்து, குளியலறைக் கண்ணாடியில் கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளைக் கோடுகள். ஒன்றோடொன்று பின்னிய மெல்லிய கோடுகள், சரிகை வேலைப்பாடு மாதிரி. மற்றக் கன்னத்திலும் அதே.

கறை என்றால் போகவேண்டும். அது அவள் தொழில். கடினமான பல்துலக்கி ஒன்று வாங்கி, காலையும் மாலையும் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தாள். கோடுகள் போகவில்லை. தேய்த்த இடங்கள் சிவந்து புண்ணாயின. ஒரு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தபோது புருஷன் பார்த்தார்.

அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "பல்லுல பிரச்சினையா, இல்ல என் சமையல்லயா?" என்று கேட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகு சமையல் அவருடையதாகிவிட்டிருந்தது. மறுநாள் அவரே அவளைப் பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கீழ்த்தளத்தில் பல் பார்த்தவர், பல்லில் ஒன்றுமில்லை, மாடியில் வாய் நோய்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்.

மாடியில் இருந்த டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண். அவசரமில்லாத குரல். வாயைத் திறக்கச் சொல்லிச் சிறு கண்ணாடியால் கன்னம், ஈறு, நாக்கின் மேல், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, அண்ணம் என்று வரிசையாகப் பார்த்தாள். பஞ்சுத்துணியால் ஒரு வெள்ளைக் கோட்டை மெதுவாகத் துடைத்தாள். போகவில்லை.

"துடைச்சா வராதும்மா" என்றாள். "இதத் தேய்ச்சீங்களா?"

தேய்த்ததை ஒப்புக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. உராய்வு படுகிற இடத்தில் இது இன்னும் கிளம்பும் என்றாள். உடம்பில் வேறெங்காவது அரிப்பு உண்டா என்று கேட்டாள். போன வருஷம் மணிக்கட்டில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பருக்கள் அரித்துவிட்டுத் தானாக அடங்கியது அப்போதுதான் நினைவு வந்தது. சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், பற்களில் உலோக அடைப்பு உண்டா, வெற்றிலை, புகையிலை உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதினாள். கன்னத்தை மரத்துப்போகச் செய்து, கடுகளவு சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, ஒரு தையல் போட்டாள்.

முடிவு வந்தது. லைக்கன் பிளேனஸ். உடம்பின் காவல் அணுக்களே வாயின் உள்தோலைத் தாக்குகின்றன, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒட்டுவியாதி இல்லை. இதைக் கேட்டதும் புருஷன் பக்கம் திரும்பி, தனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த தம்ளரை இனிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதாக அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் மேலும் சொன்னாள். ஏறும், இறங்கும். வருஷக்கணக்கில் இருக்கும். முழுதாகத் துடைத்துப்போட மருந்து கிடையாது. அடக்கி வைக்க மருந்து உண்டு. சாப்பிட்ட பிறகு, புண் இருக்கும் இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டு, களிம்பைக் காலையும் இரவும் மெல்லியதாகப் பூசவேண்டும். பூசியபின் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக்கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள்ளவேண்டும். மென்மையான பல்துலக்கி. நுரை அதிகம் வராத பற்பசை. சிவப்பு அடங்கியதும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, மறுபடி சிவந்தால் மறுபடி பூசவேண்டும்.

கடைசியாக, குரலை மாற்றாமலே, நூறு பேரில் ஒருவருக்குப் பல வருஷம் கழித்து இது வேறாக மாறலாம் என்றாள். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லோரையும் தொடர்ந்து பார்க்கிறோம். வாயின் ஐந்து இடங்களைப் படம் எடுத்து, அளவை மில்லிமீட்டரில் குறித்து, கோப்பில் வைத்தாள்.

வெளியே பெஞ்சில்தான் அவளுக்குத் தபால் அக்காவைத் தெரிய வந்தது. தபால் நிலைய கவுன்டரில் உட்காருகிறவள், ஐம்பத்துநான்கு வயது. நாக்கு நுனியும் உதட்டின் உட்புறமும் எரிகின்றன, மூன்று வருஷமாக. வாயைத் திறந்து காட்டினால் குழந்தையின் வாய் மாதிரி இருக்கும். காலையில் எழும்போது இருக்காது. பதினோரு மணிக்கு ஆரம்பித்து, சாயந்திரம் வெந்நீரைக் கொட்டிய மாதிரி நிற்கும். எதையாவது மென்றுகொண்டிருந்தால் எரியாது. நிறுத்தினால் திரும்பிவிடும். உமிழ்நீர் இருக்கும்போதே வாய் வறண்ட மாதிரி தோன்றும். சில நாள் நாக்கில் இரும்புச் சுவை.

ஐந்து டாக்டர்கள் பார்த்திருந்தார்கள். ஒருவர் வைட்டமின் கொடுத்தார். ஒருவர் பல்லைப் பிடுங்கினார். ஒருவர், வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். மருமகள் கேட்டதை அவளே சொல்லிச் சிரித்தாள்: "சாப்பிடும்போது மட்டும் எரியலையாமே அத்தை, நல்ல வியாதியா இருக்கே."

இந்த டாக்டர்தான் முதன்முதலாக, எரிகிறது என்பதை எரிகிறது என்று எழுதிக்கொண்டவள். சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, தைராய்டு, எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தாள். பூஞ்சைக்குச் சுரண்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்த பிறகே, இது நரம்பு தவறாகச் சொல்லும் சேதி, சேதி தவறு, எரிச்சல் நிஜம் என்றாள். ஒரு மாத்திரையை நாக்கில் வைத்து மூன்று நிமிஷம் கரைத்துவிட்டுத் துப்பச் சொன்னாள். ஒரு வாரத்தில் போகும் என்று சொல்லவில்லை. மாதங்கள் ஆகலாம், அளவை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டியிருக்கும், நடுவில் புதிதாக ஏதாவது காரணம் தலைகாட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றாள். தினமும் மூன்று வேளை எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுவரச் சொல்லியிருந்தாள். தபால் அக்கா கால் மார்க்கைக்கூட விடாமல் போட்டாள். ஏழரை, எட்டு, எட்டேகால்.

"உனக்காவது காட்ட ஏதோ இருக்கு" என்றாள் அன்று. பொறாமை மாதிரியே இருந்தது.

களிம்பு பிடித்தது. மூன்று வாரத்தில் கைக்குட்டையம்மா தக்காளியைத் தொட்டாள். முதல் மறுபார்வையில் டாக்டரின் முகம் மலர்ந்தது. புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றாள். விடுதியில் முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

வேலை நாளில் காலைப் பூச்சு தவறிப்போயிற்று. சாப்பிட்ட கையோடு மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடுவார்கள். அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆறு பெண்களை யார் ஏவுவது? இரவுப் பூச்சும் தவறியது. கன்னம் மறுபடி சிவந்தது. காரத்தை விட்டாள். புளிப்பை விட்டாள். தேநீரை ஆறவைத்துக் குடித்தாள். அப்படியே ஓட்ட முடிந்தது.

மறுபார்வைக்குப் பத்து நாள் இருக்கும்போது அட்டையில் தேதியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். இந்த வாயை அந்த முகத்துக்கு முன்னால் எப்படித் திறப்பது? அன்று தொடங்கினாள். காலை, இரவு மட்டுமல்ல, ஐந்து வேளை. ஒற்றினாள், பூசினாள், அரைமணி நேரம் பெண்களைச் சைகையால் ஏவினாள். பத்தாம் நாள் கன்னத்தில் சிவப்பு இல்லை, கோடுகள் மட்டும் இருந்தன. டாக்டர் திருப்தியாகத் தலையசைத்தாள். மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றாள்.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஒருமுறை நாக்கில் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளைப் படலம் இருந்தது. டாக்டர் துடைத்தாள், இது வந்துவிட்டது, அடியில் சிவப்பு. பூஞ்சை என்றாள். களிம்பு அதிகமானால் வரக்கூடியது. எத்தனை வேளை பூசுகிறீர்கள் என்று கேட்டாள். நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு என்றாள் கைக்குட்டையம்மா. டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பூஞ்சைக்கு மருந்து எழுதினாள்.

மூன்றாம் வருஷ முடிவில் ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. நடுவில் ஏதாவது கெட்டியாகவோ, கரடுமுரடாகவோ, ஆறாத புண்ணாகவோ தெரிந்தால் தேதி பார்க்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். பரீட்சையில் தேறியவள் மாதிரி கைக்குட்டையம்மா மாடிப்படி இறங்கினாள்.

அதற்கு ஏழு மாதம் கழித்து, விருந்தாளி ஒருவர் அறையில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைப் பார்சல் போட அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். விட்டுப்போன சாமான்களை அனுப்புவதும் அவள் வேலை. இடைவேளை நேரம். தபால் அக்கா உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். எரிச்சல் இப்போது மூன்று மார்க்குக்கு வந்துவிட்டதாகவும், போன மாதம் ஒரு நாள் முழுக்கப் பூஜ்யம் போட்டதாகவும், டாக்டர் அந்தப் பக்கத்தைத் தன்னிடம் இன்னொரு முறை காட்டச் சொன்னதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே இவள் முதல் வாயில் முகம் சுளித்துத் தம்ளரைக் கீழே வைத்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏன், ஆயின்ட்மென்ட் போடலையா?"

"இப்ப எதுக்குக்கா? தேதிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

தபால் அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கைக்குட்டையம்மா பத்து நாள் கணக்கை மறைக்காமல் சொன்னாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது. எந்த வேலைக்கும் ஒரு நுணுக்கம் உண்டல்லவா?

"வாயைத் திற" என்றாள் தபால் அக்கா. கவுன்டர் விளக்கைத் திருப்பினாள். கன்னம் சிவந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

"எங்கிட்ட காட்ட ஒண்ணுமில்ல. எரியுதுன்னு ஒருத்தர நம்பவைக்க மூணு வருஷம் ஆச்சு. நீ இருக்கறதப் பூசி மறைச்சிட்டு, நல்லா வச்சிருக்கேன்னு பேரு வாங்கிட்டு வர்ற."

"எரிச்சல் இப்ப முன்ன மாதிரி இல்லக்கா."

"எரிச்சல வச்சுப் பார்த்தா நான் செத்திருக்கணும், உனக்கு வியாதியே இருக்கக் கூடாது. இத எதுக்கு டாக்டர் வருஷக்கணக்கா பாக்கறாங்கன்னு நினைக்கற?"

நாளைக்கே தன்னோடு வரச்சொன்னாள். இந்த நிலையில் வரமாட்டேன் என்றாள் கைக்குட்டையம்மா. ஒரு பத்து நாள் கொடுங்கள் என்றாள். தபால் அக்கா பார்சலுக்கு முத்திரை குத்தினாள். வழக்கத்தைவிட அழுத்தமாகவே விழுந்தது. அடுத்த ஆள் என்று கூப்பிட்டாள். வரிசையில் அப்போது வேறு யாரும் இல்லை.

அன்று வீட்டில் களிம்புக் குழாயை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் கேட்டபோது, அந்த அக்காவுக்கு நாக்கு மட்டுமில்லை, பேச்சும் எரிகிறது என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கம்பெனியில வருஷத்துக்கு ஒருநாள் வண்டியப் பரிசோதனைக்குக் கொண்டுபோவோம்" என்றார். "அன்னிக்கு மட்டும் ஆறு புது டயர் மாட்டுவாங்க. அதிகாரி தட்டிப் பாப்பாரு, பிரமாதம்பாரு, கையெழுத்துப் போடுவாரு. சாயந்திரம் டயரக் கழட்டி அடுத்த வண்டிக்கு மாட்டுவாங்க."

"தெரியும். சொல்லிச் சிரிச்சிருக்கீங்க."

"சிரிச்சேன். ஆனா மலைப்பாதையில இறங்கும்போது அந்த அதிகாரி வண்டியில இல்ல. மொட்ட டயரும் நானும்தான்."

வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். அவள் களிம்புக் குழாயின் மூடியைத் திருகி மூடி, அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். தபால் அக்காவிடம் சொல்லவில்லை. பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய் வெளியே வரும்போது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. வாயை நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டாள். குப்பை கூட்டாத அறைக்கு ஆளை அழைத்துப்போகிற மாதிரி இருந்தது.

டாக்டர் தேதியைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். கன்னங்களைப் பார்த்தாள். நாக்கின் நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்து, இடது ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள். விளக்கை இறக்கினாள். கையுறை விரலால் தடவி, இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கழுத்தின் இரு பக்கமும், தாடைக்கு அடியிலும் தடவினாள்.

"இந்த இடம் எரியுதா?"

"இல்ல டாக்டர். கன்னந்தான் எரியுது."

"வலி?"

"அங்க ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது."

எட்டு மில்லிமீட்டர். வெள்ளையும் சிவப்பும் கலந்து, லேசாகத் தடித்து, சொரசொரப்பாக. போன படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. டாக்டர் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இந்த முறை பழையதுதான் நன்றாக இருந்தது.

அப்போது கைக்குட்டையம்மா சொன்னாள். பத்து நாள், ஐந்து வேளை, இரண்டு என்று சொன்ன பொய், எல்லாம். டாக்டர் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நான் உங்க வாய்க்குத் தேதி குடுக்கலம்மா" என்றாள் டாக்டர். "நீங்க கொண்டுவந்து காட்டின வாய்க்குக் குடுத்திருக்கேன். உண்மையான வாய் இப்பதான் வந்திருக்கு. அதுக்கு இப்ப தேதி போடறேன்."

அன்றே நாக்கின் ஓரத்திலிருந்து சதை எடுத்தாள். முடிவுக்குப் பத்து நாள். களிம்பை ஒழுங்காக, இரண்டே வேளை, கன்னத்தில் பூசச் சொன்னாள்.

அந்தப் பத்து நாளில் விடுதியில் கைக்குட்டை வெளியே வரவில்லை. பெண்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், பிறகு பயந்துபோனார்கள். ஒருத்தி வந்து, "அம்மா, பதினேழாம் நம்பர்ல கதவு மேல தூசி இருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். புருஷன் உப்பும் காரமும் இல்லாமல் சமைத்தார். தானும் அதையே சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு வீட்டுக்கே வந்துவிட்டது, இனிப் படுக்கைக்கும் வாடகை கொடுக்கவேண்டும் என்றார். ஐந்தாம் நாள் தபால் அக்கா வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. தபால் அக்கா தன் மார்க் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். அன்று மதிய மார்க் ஆறு. "நேத்து உன்னைப் பத்திக் கேட்டதுலேர்ந்து ஏறிடுச்சு" என்றாள் குற்றச்சாட்டாக.

பத்தாம் நாள் மூவரும் போனார்கள். பெஞ்சில் புருஷன் நடுவில் உட்கார்ந்தார்.

புற்று இல்லை. உள்தோலின் அணுக்கள் வரிசை கலைய ஆரம்பித்திருந்தன, ஆரம்பம் மட்டும். டாக்டர் ஒரு தாளில் செங்கற்களை அடுக்கி வரைந்தாள். கீழ் வரிசையில் நாலைந்து கோணலாக இருந்தன, மேல் வரிசைகள் ஒழுங்காக இருந்தன. இப்படியே விட்டால் அடங்கலாம், நிற்கலாம், மேலே ஏறலாம். எது என்று சொல்ல முடியாது. அதனால் அந்த இடத்தை முழுதாக எடுத்துவிடுவது. எடுத்தாலும் கதை முடியாது. நோய் வாய் முழுக்க இருக்கிறது, வேறோர் இடத்தில் வேறொரு நாள் தொடங்கலாம். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

"எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டார் புருஷன்.

"வாய் இருக்கிறவரைக்கும்" என்றாள் டாக்டர். பிறகு, அப்படிச் சொன்னது கடுமையாகப் பட்டதோ என்னவோ, இதே மாதிரி பதினான்கு வருஷமாக வந்துபோகிற ஒரு பாட்டுக்காரர் தன்னிடம் இருப்பதாகவும், இன்னும் கச்சேரி செய்கிறார் என்றும் சொன்னாள்.

இடத்தை எடுத்தார்கள். உள்ளே கரையும் நூலால் நான்கு தையல். இரண்டு வாரம் அவளுக்கு ‘ர’வும் ‘ற’வும் வரவில்லை. அறை என்றால் வேறேதோ வந்தது. விடுதிப் பெண்கள் வேண்டுமென்றே, எந்த அறை அம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் விரலால் எண்ணைக் காட்டினாள்.

களிம்புக்கு வழி கண்டுபிடித்தாள். காலைப் பூச்சை விடுதிக்கு வரும் பஸ்ஸில் வைத்துக்கொண்டாள். பயணம் முப்பத்தைந்து நிமிஷம். வாயைத் திறக்கவேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் அவளைக் கர்வி என்று நினைத்திருக்கலாம். விட்டுப்போன நாட்களை அட்டையின் பின்புறம் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டாள். டாக்டர் கேட்காமலே அதைத் திருப்பிக் காட்டுவாள். சில மறுபார்வையில் கன்னம் சிவந்திருந்தது. சிவப்பாகவே கொண்டுபோனாள். டாக்டர் அதைப் படம் எடுத்தாள், களிம்பை மாற்றினாள், உடைந்த கடைவாய்ப்பல்லின் கூர்முனை கன்னத்தில் உரசுவதைக் கண்டுபிடித்து அதை மழுக்கிவிட்டாள். முன்பெல்லாம் பத்து நாள் பூச்சு அந்த உரசலையும் சேர்த்தே மறைத்திருக்கிறது.

இரண்டு வருஷம் போயிற்று. நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று, நூல் அகலத்தில். அளவு மாறவில்லை. தபால் அக்கா ஓய்வு பெற்றாள். மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மருமகளே இப்போது நோட்டில் மார்க் போட்டுக் கொடுக்கிறாளாம். தபால் அக்காவின் தேதியும் இவளுடைய தேதியும் ஒரே நாளில் வருகிற மாதிரி நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த முறை போனபோது டாக்டர் இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அறையில் ஓர் இளைஞர் இருந்தார். மேசைமேல் கைக்குட்டையம்மாவின் கோப்பு இரண்டு அங்குல கனத்தில் கிடந்தது. அவர் வெகுநேரம் அதைப் படித்தார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை திரையில் ஒவ்வொன்றாக ஓட்டினார். அவள் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தாள். பழைய டாக்டர்தான் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் இருந்தன. மில்லிமீட்டர்கள் இருந்தன. இரண்டாம் வருஷம் எழுதிய ‘களிம்பு இரண்டு வேளை’ என்ற வரிக்கு மேல், பிற்பாடு வேறு மையில் ‘நோயாளி சொன்னது சரியல்ல, திருத்தப்பட்டது’ என்றும் இருந்தது.

அட்டையைத் திருப்பி நீட்டினாள். ஒன்பது புள்ளிகள். தங்கை வீட்டுக்குப் போன வாரம் களிம்பை எடுத்துப்போக மறந்ததைச் சொன்னாள். இடது கன்னத்தில் நாலு நாளாகச் சிவப்பு என்றாள். அவர் எழுதிக்கொண்டார். கையுறை மாட்டிக்கொண்டு விளக்கை இழுத்தார்.

"எங்கெங்க வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா, அங்க முதல்ல பாத்துடறேன்."

"வலிக்கறத நானே சொல்லிடுவேன் டாக்டர்" என்றாள். "நீங்க வலிக்காததப் பாருங்க."

வாயைத் திறந்தாள்.